பாலை நிறுத்தியும் கல் மறுபடியும் வந்துவிட்டது, ஏன்?

பாயான்வாசி (திங்கள், இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். வயது 38, பினாங்கு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் பாக்டரியில் டெக்னீஷியன் வேலை. இடது பக்கம் 6 மில்லிமீட்டர் கல் சிறுநீர்க் குழாயில் அடைத்துக்கொண்டு, லேசர் வைத்து உடைத்து எடுத்தார்கள். எடுத்த துண்டை லேபுக்கு அனுப்பினதில் கால்சியம் ஆக்சலேட் என்று ரிப்போர்ட் வந்தது. கால்சியம் என்று இருந்ததால் வீட்டில் பால், தயிர் இரண்டையும் நிறுத்திவிட்டோம். தே தாரிக்குக்குப் பதில் தே ஓ. உடம்புக்கு நல்லது என்று மதியம் பெரும்பாலும் பாயாம் கீரை, பிரேக்கில் ஒரு கைப்பிடி பாதாம், காலையில் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி கரைத்துக் குடிக்கிற மாத்திரை. தண்ணீர் 3 லிட்டர்.

இப்போது ஸ்கேனில் அதே பக்கம் புதுசாக 4 மில்லிமீட்டர் கல். 24 மணி நேரச் சிறுநீர் எடுத்துக் கொடுத்தேன். டாக்டரைப் பார்க்கத் தேதி தள்ளி இருக்கிறது, அதற்குள் இதைப் புரிந்துகொள்ளணும். சிறுநீர் அளவு 1.1 லிட்டர். மற்றதெல்லாம் மில்லிமோல் கணக்கு: கால்சியம் 6.4, ஆக்சலேட் 0.56, சோடியம் 232, சிட்ரேட் 1.3. இரத்தத்தில் கால்சியம் நார்மல் என்றார்கள். இதில் எது தப்பு?

பட்டவொர்த் சேகர் (திங்கள், இரவு 11.15)

தம்பி, பாலை நிறுத்தினது சரிதான். ஆனால் பாதிதான் செய்திருக்கிறீங்க. நெத்திலியும் முள்ளோடு சாப்பிடக் கூடாது, அதிலும் கால்சியம். தக்காளி விதை, கத்தரிக்காய் விதை எல்லாம் நிறுத்துங்க. வாரம் மூணு தடவை வாழைத்தண்டு ஜூஸ். எனக்கு 1970களில் கல் வந்தப்போ டாக்டரே பாலைத் தொடாதே என்றார். தண்ணீர் மட்டும் விடாமல் குடிங்க, அதுதான் மருந்து.

லோரிக்காரன் கிள்ளான் (செவ்வாய், காலை 5.50)

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை பிரதர். எனக்கு 11 மில்லிமீட்டர் கல் இருந்தது. டாக்டர் ஒரு சிட்ரேட் மருந்து கொடுத்தார், தண்ணீரில் கலந்து குடிக்கிறது. சில மாதம் கழித்து ஸ்கேன் பண்ணினால் கல் கரைந்தே போச்சு. லேசரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அதைக் கேட்டு வாங்குங்க.

தண்ணீர்மலை (செவ்வாய், காலை 7.20)

பாயான்வாசி, மற்ற எண்களுக்குப் போகும் முன் ஒரு கேள்வி. அந்த 24 மணி நேரச் சிறுநீரை வேலை நாளில் பிடித்தீர்களா, லீவு நாளிலா? 3 லிட்டர் உள்ளே போய் 1.1 லிட்டர் வெளியே வருகிறது என்றால், மீதி வியர்வையில் போயிருக்க வேண்டும், அல்லது அந்த நாள் 3 லிட்டர் குடிக்கவே இல்லை. (நான் இங்கே ஒரு மருத்துவமனையில் உணவியல் நிபுணர். கல் வந்தவர்களின் ரிப்போர்ட்டுகளைத் தினமும் பார்க்கிற வேலை.)

லோரிக்காரன் அண்ணே, கரைந்தது என்றால் உங்களுடையது பெரும்பாலும் யூரிக் ஆசிட் கல்லாக இருந்திருக்கும். சிறுநீரின் புளிப்பைக் குறைத்தால் அது கரையும். கால்சியம் ஆக்சலேட் எந்த மருந்துக்கும் கரையாது. ஏற்கெனவே உருவான கல் தானாக இறங்க வேண்டும், அல்லது உடைத்து எடுக்க வேண்டும். நாம் செய்ய முடிந்ததெல்லாம் அது வளராமல், அடுத்தது வராமல் பார்ப்பது. உங்கள் மருந்தே இவருக்கும் வேறு காரணத்துக்காகக் கொடுக்கப்படலாம், அதனால்தான் குழப்பம் வருகிறது.

பாயான்வாசி (செவ்வாய், இரவு 9.05)

அக்கா, வேலை நாளில்தான் பிடித்தேன். எனக்கு 12 மணி நேர ஷிப்ட், கிளீன் ரூம் உள்ளே. தலை முதல் கால் வரை சூட் போடணும், தண்ணீர் பாட்டில் உள்ளே கொண்டுபோக முடியாது. டாய்லெட் போகணும் என்றால் எல்லாம் கழற்றி, திரும்பி வந்து மறுபடி மாட்டணும், லைனில் ஆள் மாற்றி விடணும். அதனால் காலையிலிருந்தே நான் அதிகமாகக் குடிக்க மாட்டேன். வீட்டுக்கு வந்துதான் பாட்டிலை எடுப்பேன். 3 லிட்டர் என்றது லீவு நாள் கணக்கு.

தண்ணீர்மலை (செவ்வாய், இரவு 10.30)

அப்படியானால் உங்கள் கதையில் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது.

கல் ஏன் அதே பக்கம் திரும்ப வருகிறது என்று கேட்டீர்கள். லேசர் கல்லை எடுத்துவிடும். கல் ஒட்டி வளர்ந்த இடத்தை எடுக்காது. சிறுநீரகத்தின் உள்முனைகளில், அவற்றை மூடியிருக்கிற மெல்லிய சவ்வுக்கு அடியில் கால்சியம் பாஸ்பேட் வெள்ளைத் திட்டாகப் படிகிறது. பலருக்கு ஆக்சலேட் கல் அந்தத் திட்டின் மேல்தான் பிடித்துக்கொண்டு வளர்கிறது. கற்கண்டு செய்யும்போது பாகுக்குள் நூலைத் தொங்க விடுகிறோமே, அந்த மாதிரி. கற்கண்டை உதிர்த்து எடுத்தாலும் நூல் அங்கேயே இருக்கிறது. பாகு மறுபடி கெட்டியானால் மறுபடி பிடிக்கும். நூலை நம்மால் அகற்ற முடியாது. பாகைத் தண்ணியாக வைத்திருக்க மட்டும் முடியும்.

உங்கள் கணக்கையே பாருங்கள். கால்சியம் 6.4 என்பது எல்லை தாண்டவில்லை. ஆனால் அது 1.1 லிட்டரில் இருக்கிறது, அதாவது லிட்டருக்கு 5.8. இதே கால்சியம் 2.5 லிட்டரில் இருந்தால் லிட்டருக்கு 2.6 தான். ஆக்சலேட்டும் அப்படியே பாதிக்குக் கீழே இறங்கும். இரண்டும் சேர்ந்துதான் படிகம் ஆகிறது, இரண்டுமே ஒரே நேரத்தில் குறைகிறது. உணவில் எதையும் மாற்றாமலே இவ்வளவு.

இது வெறும் கணக்கு இல்லை. இத்தாலியில் முதல் தடவை கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து 5 வருடம் பார்த்தார்கள், 1996இல் வெளிவந்தது. ஒரு பக்கத்தாரைச் சிறுநீர் ஒரு நாளைக்கு 2 லிட்டருக்கு மேல் போகும்படி குடிக்கச் சொன்னார்கள். அவர்களில் 100க்கு 12 பேருக்குத் திரும்ப வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 27.

அதனால் எத்தனை லிட்டர் குடித்தேன் என்று எண்ணாதீர்கள், எவ்வளவு வெளியே வந்தது என்று அளங்கள். இலக்கு 2.5 லிட்டர் சிறுநீர். நம் ஊர் வெயிலுக்கு அதற்கு 3 லிட்டருக்கு மேலும் தேவைப்படலாம். ஒரு வேலை நாளில் அளவுக் குறி போட்ட ஒரு ஜக்கை வைத்து அளந்து பாருங்கள். ஷிப்ட் முடிந்து வருகிற சிறுநீர் தே ஓ நிறத்தில் இருந்தால், இரவில் 2 லிட்டர் குடித்து அந்த 12 மணி நேரத்தைத் திருப்ப முடியாது. பகலில் கெட்டியாக இருந்த நேரத்தில் படிகம் பிடித்தது பிடித்ததுதான்.

செல்வி பிறை (புதன், காலை 9.10)

அக்கா, என் வீட்டுக்காரருக்கும் இதே ஆக்சலேட் கல்தான். நானும் பாலை நிறுத்திவிட்டு தினம் கீரை கடைந்து கொடுக்கிறேன். கீரையை நிறுத்தணுமா? இல்லை பாலை மறுபடி கொடுக்கணுமா? இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டால் கல் அதிகமாகாதா, கால்சியமும் ஆக்சலேட்டும் ஒன்றாகச் சேருமே?

தண்ணீர்மலை (புதன், மதியம் 1.40)

செல்வி, உங்கள் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. ஆம், இரண்டும் ஒன்றாகச் சேரும். எங்கே சேர்கிறது என்பதுதான் விஷயம். சாப்பாட்டோடு பாலோ தயிரோ இருந்தால் குடலிலேயே கால்சியம் கீரையின் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டது உடம்புக்குள் நுழையாமல் மலத்தோடு போய்விடும். பாலை நிறுத்தினால் ஆக்சலேட்டைப் பிடிக்க ஆள் இல்லை. அது தனியாக இரத்தத்துக்குள் போய், சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. அங்கே கால்சியம் எப்போதும் இருக்கிறது, ஏனென்றால் பால் குடிக்காவிட்டாலும் எலும்பிலிருந்து கால்சியம் வரும்.

பாயான்வாசியின் ஆக்சலேட் 0.56 கொஞ்சம் உயரம்தான். அவர் சாப்பாட்டைப் பாருங்கள்: மதியம் பாயாம், பிரேக்கில் பாதாம், இரண்டிலும் ஆக்சலேட் ஏராளம். வைட்டமின் சி 1000 மில்லிகிராம் மாத்திரையில் ஒரு பகுதி உடம்பிலேயே ஆக்சலேட்டாக மாறும். சுவீடனில் ஆண்களைப் பார்த்த ஆய்வில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் ஏறக்குறைய இரட்டிப்பாக வந்தது. பழத்தில் வருகிற வைட்டமின் சி பிரச்சினை இல்லை, மாத்திரைதான். மாத்திரையை நிறுத்த யோசிக்க ஒன்றுமில்லை.

கீரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தினமும் வேண்டாம். பாயாம், பசலை சமைத்தால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தயிரோடு சாப்பிடுங்கள். மற்ற நாளில் சாவி, கைலான், முட்டைக்கோஸ், இவற்றில் ஆக்சலேட் குறைவு. பால் ஒரு கோப்பையில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 வரை, உணவிலிருந்து, சாப்பிடும் நேரத்தில். கால்சியம் மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவது வேறு கதை. அது கல்லைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

பட்டவொர்த் சேகர் (புதன், மாலை 6.25)

அம்மா, நீங்க படித்தவங்க, மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சொன்னவரும் டாக்டர்தான். அப்போ எல்லா டாக்டரும் அதையேதானே சொன்னார்கள்?

தண்ணீர்மலை (புதன், இரவு 8.50)

சொன்னார்கள் ஐயா. கல்லில் கால்சியம், சிறுநீரில் கால்சியம், அதனால் கால்சியத்தைக் குறை என்பது அந்தக் காலத்தில் நியாயமாகத்தான் பட்டது. பிறகு இதையும் இத்தாலியிலேயே சோதித்துப் பார்த்தார்கள். சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகிற, கல் திரும்பத் திரும்ப வருகிற 120 ஆண்கள். 60 பேருக்குக் கால்சியம் குறைத்த உணவு. 60 பேருக்குக் கால்சியம் வழக்கமான அளவு, உப்பும் இறைச்சியும் குறைவு. 5 வருடத்தில் கால்சியம் குறைத்தவர்களில் 23 பேருக்குக் கல் வந்தது, மற்றவர்களில் 12 பேருக்கு. கால்சியம் குறைத்தவர்களுக்குச் சிறுநீரில் ஆக்சலேட் ஏறியும் இருந்தது. அது 2002இல் வெளிவந்தது. உங்கள் டாக்டர் சொன்னதற்குப் பல வருடம் பிந்தி.

தக்காளி விதையை நிறுத்த நியாயம் எதுவும் இல்லை, தக்காளியில் ஆக்சலேட் கம்மி. வாழைத்தண்டு ஜூஸ் குடிப்பதை நான் தடுக்கமாட்டேன். அதில் உள்ள தண்ணீராவது உதவும். ஆனால் கல்லைக் கரைக்கும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்.

பட்டவொர்த் சேகர் (புதன், இரவு 9.30)

விதை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பால் விஷயம் என் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். வாழைத்தண்டை விடுகிறதாக இல்லை.

கோலாலம்பூர் ராஜா (வியாழன், காலை 8.15)

யாருமே சோடியத்தைப் பற்றிப் பேசவில்லையே. 232 என்றால் எவ்வளவு உப்பு? இன்னொன்று, தே ஓவில் ஆக்சலேட் இருக்கிறதே, அதை ஏன் நிறுத்தச் சொல்லவில்லை? தேதான் முதல் எதிரி என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

தண்ணீர்மலை (வியாழன், மதியம் 12.55)

ராஜா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 17 மில்லிமோல் என்றால் ஒரு கிராம் உப்பு. 232 என்றால் 13 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் என்கிறது. உப்பு சிறுநீரில் வெளியேறும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கல் வருகிறவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வது இரத்த அழுத்தத்துக்காக மட்டும் இல்லை. பாயான்வாசியின் உப்பைக் குறைத்தால் அவருடைய 6.4 கால்சியமும் இறங்கும், பாலைத் தொடாமலே.

பினாங்கில் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால், கேன்டீன் மீ சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பது, நாசி கண்டாரில் குழம்புக்கு மேல் குழம்பு, கருவாடு, சம்பல் பிளாச்சான். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கல்லுக்கு நல்லது என்று எலுமிச்சை, அம்ரா ஜூஸ் குடிப்பார்கள், அதில் அசாம் போய் போட்டிருக்கும். அசாம் போய் உப்பில் ஊறினது. மேலே சீனி வேறு. எலுமிச்சை வேண்டும் என்றால் வெறும் தண்ணீரில் பிழிந்து, அசாம் போய் இல்லாமல், சீனி இல்லாமல். நெத்திலியும் அப்படித்தான். கால்சியம் நல்லது, உப்பு அதிகம். ஊறவைத்துக் கழுவுங்கள்.

தே விஷயம் தீராத வழக்கு. தேயிலையில் ஆக்சலேட் இருப்பது உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகளில் காப்பி, தே குடித்தவர்களுக்குக் கல் குறைவாகத்தான் வந்தது. சீனி போட்ட குளிர்பானம் குடித்தவர்களுக்கு அதிகம். என் கருத்து: இவர் ஆக்சலேட் உயரமாக இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கோப்பை போதும், பால் சேர்த்துக் குடித்தால் இன்னும் நல்லது. இதில் என்னோடு வேலை செய்கிறவர்களே எல்லாரும் என் பக்கம் இல்லை.

மேற்பார்வை (வியாழன், இரவு 7.40)

நான் பாக்டரியில் லைன் லீடராக இருந்தவன், இப்போ ஓய்வு. பாயான்வாசி சொல்கிற டாய்லெட் விஷயம் உண்மை, பெண்கள் இன்னும் மோசமாக அடக்குவார்கள். எங்கள் லைனில் ஒருவருக்கு இதேபோல் கல். டாக்டர் கடிதம் கொண்டுவந்தார், பிரேக்குகளுக்கு நடுவில் ஒரு தடவை வெளியே போக ஆள் மாற்றி விட்டோம். லைன் நிற்கவில்லை. முதலாளியிடம் வாய்ப் பேச்சாகக் கேட்டால் போகாது, எழுத்தில் கேளுங்க.

தண்ணீருக்குக் கணக்கு இப்படி வைங்க. சூட் மாட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் 400 மில்லி, மாட்டுவதற்கு முன் டாய்லெட். ஒவ்வொரு பிரேக்கிலும் போனதும் முதல் வேலையாக 500 மில்லி, பிரேக் முடியும்போது டாய்லெட். போனதும் குடிக்கணும், கடைசியில் குடித்தால் உள்ளே போய்த்தான் அவசரம் வரும்.

பாயான்வாசி (வியாழன், இரவு 10.20)

அண்ணே, போனதும் குடிக்கிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. மூணு பிரேக், அதனால் ஷிப்டிலேயே 1.9 லிட்டர். வீட்டுக்கு வந்ததும் ஒரு லிட்டர், படுக்கும் முன் ஒரு கோப்பை. கம்பெனி கிளினிக்கில் கடிதமும் கேட்கிறேன்.

அக்கா, சிட்ரேட் 1.3 எப்படி? அந்த லோரிக்காரன் அண்ணன் மருந்து எனக்கும் தேவையா? இன்னொன்று, மாமியார் பூனைமீசை இலைத் தண்ணீர் போட்டுத் தருகிறார். பக்கத்து வீட்டில் பெலிம்பிங் ஜூஸ் குடிக்கச் சொல்கிறார்கள்.

தண்ணீர்மலை (வெள்ளி, காலை 7.05)

பெலிம்பிங் ஜூஸ் வேண்டவே வேண்டாம், நட்சத்திரப் பழமாக இருந்தாலும் புளிப்பு பெலிம்பிங் பூலோவாக இருந்தாலும். இரண்டிலும் ஆக்சலேட் மிக அதிகம். ஒரே மூச்சில் நிறையச் சாறு குடித்துச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தவர்கள் உண்டு. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு நட்சத்திரப் பழம் மூளையையும் பாதிக்கும். பூனைமீசை இலையைப் பற்றி நம்பிச் சொல்கிற அளவுக்குச் சான்று இல்லை. குடிக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சிட்ரேட் 1.3 குறைவுதான். சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சலேட்டிடம் போக விடாது. இறைச்சியும் உப்பும் அதிகமானால் அது குறையும், பழமும் காய்கறியும் ஏற்றும். பொட்டாசியம் சிட்ரேட் மருந்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, எலுமிச்சைக்கு அந்த அளவு இல்லை. ஆனால் மருந்தைத் தொடங்குவது டாக்டர் முடிவு. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் ஏறிவிடும். சிறுநீரின் புளிப்பு தேவைக்கு மேல் குறைந்தால் கால்சியம் பாஸ்பேட் கல் வரலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தண்ணீர், உப்பு, பால், அந்த மாத்திரை, இவற்றை மாற்றிவிட்டு, 6 மாதத்துக்குள் மறுபடி 24 மணி நேரம் பிடித்துப் பார்ப்பேன். அப்போதும் சிட்ரேட் குறைவாக இருந்தால் மருந்து பற்றிக் கேட்கலாம்.

அந்த 4 மில்லிமீட்டர் கல் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். வலியோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அடைப்போடு கிருமி சேர்ந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கோலாலம்பூர் ராஜா (வெள்ளி, காலை 9.30)

சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கிற தயாசைட் மாத்திரை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது பற்றி?

தண்ணீர்மலை (வெள்ளி, மதியம் 1.10)

பல வருடமாகக் கொடுக்கிற மருந்து. 2023இல் சுவிட்சர்லாந்தில் தயாசைட் வகையான ஹைட்ரோகுளோரோதயாசைடை மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், கல் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் பிறகும் டாக்டர்களிடையே வாதம் ஓயவில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த தடவை போகும்போது கேளுங்கள்.

செல்வி பிறை (வெள்ளி, மாலை 5.45)

என் மாமனாருக்கு இதய நோய், கால் வீங்கும். அவருக்கும் ஒரு சின்னக் கல் இருக்கிறது என்றார்கள். அவருக்கும் 3 லிட்டர் கொடுக்கலாமா?

தண்ணீர்மலை (வெள்ளி, இரவு 8.15)

கொடுக்காதீர்கள் செல்வி. இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத் தண்ணீர் அளவை அவர்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இங்கே பேசின அளவு எதுவும் அவருக்குப் பொருந்தாது.

லோரிக்காரன் கிள்ளான் (வெள்ளி, இரவு 11.50)

அக்கா, நீங்க சொன்ன பிறகு என் பழைய ரிப்போர்ட்டைத் தேடினேன். யூரிக் ஆசிட் என்றுதான் இருக்கிறது. இந்தத் தடவை டாக்டர் எனக்கும் 24 மணி நேரம் பிடிக்கச் சொன்னார். நான் கிள்ளானிலிருந்து ஜோகூர் வரை லோரி ஓட்டுகிறேன். வீட்டில் இருக்கிற நாளில் பிடிக்கலாமா, வண்டியிலா?

தண்ணீர்மலை (சனி, காலை 6.40)

வண்டி ஓட்டுகிற நாளில்தான் பிடிக்க வேண்டும் அண்ணே, அந்த நாள்தான் உங்கள் கல்லை உருவாக்குகிறது. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் விடாமல் எல்லாம் கலனில். மறுநாள் அதே நேரத்துக்குப் போகிற காலைச் சிறுநீரும் சேர வேண்டும். சோதனைக்காகச் சாப்பாட்டையோ தண்ணீரையோ மாற்றாதீர்கள். வாய் அகன்ற ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக் கலனில் ஊற்றுங்கள். லேப் கொடுத்த கலனுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் திரவம் இருந்தால் அது ஆசிட்டாக இருக்கலாம். அதைக் கொட்டிவிடாதீர்கள், கையில் படாமல் பாருங்கள். ஓடும் வண்டியில் கவிழாதபடி நிமிர்த்தி, பெட்டிக்குள் வையுங்கள். நடுவில் ஒரு தடவை விட்டுப்போனால் மறைக்காமல் லேபில் சொல்லிவிட்டு வேறொரு நாள் பிடியுங்கள். கிரியேட்டினின் அளவைப் பார்த்தே பாதி பிடித்ததை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.